நான்கு பேர் கொண்ட விற்பனைக் குழுவுக்குக் காலாண்டு இலக்கு வைப்பது எப்படி?

கேள்வி: கிளிநொச்சியில் சொட்டு நீர்ப்பாசனத் தொகுதிகளும் நீர் இறைக்கும் இயந்திரங்களும் விற்கும் முகவர் நிலையம் நடத்துகிறேன். நான்கு விற்பனைப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். மாதந்தோறும் ஒரு தொகையை இலக்காகச் சொல்கிறேன். கடைசி வாரத்தில்தான் ஓடுகிறார்கள், அதுவும் கடனுக்குக் கொடுத்துக் கணக்கை நிரப்புகிறார்கள். ஓ.கே.ஆர். முறையில் காலாண்டு இலக்கு வைத்தால் இது மாறுமா? எப்படி எழுதுவது?

பதில்:

மாறும். ஆனால் இப்போது சொல்லும் தொகையையே எடுத்து ஓ.கே.ஆர். என்ற பெயரில் எழுதினால் எதுவும் மாறாது. நான் செய்த முதல் தவறு அதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓ.கே.ஆர். என்பது 'நோக்கங்களும் முக்கியப் பெறுபேறுகளும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். இந்த முறை 1970களில் இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் நடைமுறைப்படுத்தியது. அங்கே பணிபுரிந்த ஜோன் டோர் 1999இல் இதைக் கூகுளுக்குக் கொண்டு சென்றார். அமைப்பு எளிமையானது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு நோக்கம். அங்கே சேர்ந்துவிட்டோமா என்பதை எண்ணால் காட்டும் மூன்று அல்லது நான்கு முக்கியப் பெறுபேறுகள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு காலாண்டில் ஒரு நோக்கமும் மூன்று பெறுபேறுகளும் போதும். இரண்டாவது நோக்கத்தை எழுதும் நாளிலேயே முதலாவது நோக்கம் பாதி மறக்கப்பட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் வவுனியாவில் உங்களுடையதைப் போன்ற ஒரு முகவர் நிலையத்தின் விற்பனைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். எங்களிடமும் நான்கு பிரதிநிதிகள்தான். முதல் காலாண்டில் 'விற்பனையை அதிகரித்தல்' என்று நோக்கத்தை எழுதினேன். பெறுபேறுகளாக 40 தொகுதிகள் விற்பது, 400 விவசாயிகளைச் சந்திப்பது, 10 செயல்விளக்கங்கள் நடத்துவது என்று மூன்றை வைத்தேன். சந்திப்புகள் 400ஐத் தாண்டின. கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தபோது ஏ9 வீதியோரத்து வீடுகளே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. தொகுதிகளும் ஏறத்தாழ விற்றுவிட்டன, ஆனால் பெரும்பாலும் கடனுக்கு. பிள்ளைகள் ஏமாற்றினார்கள் என்று இதை நான் சொல்லமாட்டேன். நான் கேட்டதைத்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். சந்திப்பு என்பது வேலை, பெறுபேறு அல்ல. வேலையை எண்ணினால் வேலைதான் பெருகும். விற்ற எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் அது எந்த வழியில் வந்தது என்பது மறைந்துவிடும்.

அடுத்த காலாண்டுக்கு எழுத உட்காரும் முன் நாங்கள் செய்த ஒரு காரியத்தை நீங்களும் கட்டாயம் செய்ய வேண்டும். முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தோம். 26 தொகுதிகள் விற்றிருந்தன. வாங்கிய 26 பேரையும் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: வாங்குவதற்கு முன் இதை எங்கே பார்த்தீர்கள்? ஒன்பது பேர் அயல் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தார்கள். மற்ற பதினேழு பேரும் எங்கள் பிரதிநிதி சொன்னதைக் கேட்டு வாங்கியவர்கள். பிறகு பற்றுச்சீட்டுகளைப் பார்த்தோம். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வாங்கும்போதே பாதித் தொகையோ அதற்கு மேலோ கட்டியிருந்தார்கள். பதினேழு பேரில் ஒருவர்தான் அப்படிக் கட்டியிருந்தார்.

எங்கள் கடன் பிரச்சினையின் வேர் அங்கே இருந்தது. பயிருக்குத் தண்ணீர் போவதைக் கண்ணால் கண்டவர் காசு கொடுக்கிறார். வாய்ச்சொல்லை மட்டும் கேட்டவர் 'அறுவடைக்குப் பிறகு பார்ப்போம்' என்கிறார். இது தெரிந்தவுடன் நோக்கம் தானாகவே வந்துவிட்டது. உங்கள் ஊரில் விடை வேறாக இருக்கலாம், ஒருவேளை கமக்காரர் அமைப்புத் தலைவரின் சொல்லே பெரிதாக இருக்கலாம். அதனால் என் நோக்கத்தை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். அந்தத் தொலைபேசி அழைப்புகளை எடுங்கள், இரண்டு பின்னேரங்களில் முடிந்துவிடும்.

அடுத்து, காலாண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பது. ஜனவரி, ஏப்ரல் என்று நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்று இந்த முறையில் விதி எதுவும் இல்லை. ஏறத்தாழ பதின்மூன்று வாரங்கள் என்பதுதான் முக்கியம். வன்னியில் விவசாயிக்கு விற்பவர் நாட்காட்டிக் காலாண்டைப் பின்பற்றினால் ஒரே காலாண்டுக்குள் இரண்டு வேறு உலகங்களை அடைத்துவிடுவார். பெரும்போக நெல் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அறுவடையாகிறது. கையில் காசு புழங்குவது அப்போதுதான். சிறுபோகத்துக்கு மேட்டு நிலத்தில் மிளகாய் வைப்பதா, கச்சான் போடுவதா என்ற முடிவும் அதையொட்டியே எடுக்கப்படுகிறது. ஏப்ரலில் தொடங்கும் காலாண்டு இந்தக் காசின் பெரும் பகுதியைத் தவறவிட்டுவிடும். அதனால் நாங்கள் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று, மே முதல் ஜூலை வரை ஒன்று, ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். வடகீழ்ப் பருவமழை கொட்டும் கடைசிக் காலாண்டில் நீர்ப்பாசனத் தொகுதி வாங்க எவரும் வரமாட்டார்கள். அந்தக் காலாண்டின் நோக்கத்தைப் பழுதுபார்ப்பிலோ பழைய வாடிக்கையாளரிடமோ வையுங்கள். மழையில் விற்பனை இலக்குக் கொடுத்துப் பிள்ளைகளை அலைய விடுவது நியாயமில்லை.

பெப்ரவரிக் காலாண்டுக்கு நாங்கள் எழுதியது இது.

நோக்கம்: சிறுபோகத் தோட்டம் செய்யும் விவசாயி, தன் ஊரிலேயே எங்கள் தொகுதி வேலை செய்வதைப் பார்த்து, நம்பிக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

முதல் பெறுபேறு: அயல் தோட்டத்தில் பார்த்து வாங்குபவர்கள் 9இலிருந்து 24 ஆக உயர வேண்டும்.

இரண்டாம் பெறுபேறு: வாங்கும்போதே பாதித் தொகையாவது கட்டுபவர்களின் பங்கு 31 வீதத்திலிருந்து 60 வீதமாக உயர வேண்டும்.

மூன்றாம் பெறுபேறு: மார்ச் 31க்குள் பொருத்திய தொகுதிகளில் 95 வீதமாவது, பொருத்தி 30 நாள் கழித்தும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஒவ்வொரு வளர்ச்சி எண்ணுக்கும் தொடக்கமும் முடிவும் இருக்கின்றன. '24 பேர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கடினமா எளிதா என்று எவருக்கும் தெரிந்திருக்காது. இரண்டாவது, அளவை எண்ணும் பெறுபேற்றுக்குப் பக்கத்தில் தரத்தை எண்ணும் பெறுபேறு காவலுக்கு நிற்கிறது. இப்படி இணைத்து அளப்பதைக் குரோவ் வலியுறுத்தினார். முதல் பெறுபேற்றை மட்டும் வைத்தால் கடனுக்குக் கொடுத்து 24ஐ எட்டிவிடலாம். இரண்டாவது அதைத் தடுக்கிறது. முதல் இரண்டையும் வைத்து மூன்றாவதை விட்டிருந்தால், அவசர அவசரமாகப் பொருத்திவிட்டு அடுத்த ஊருக்கு ஓடியிருப்பார்கள். வன்னியில் பல இடங்களில் கிணற்று நீர் வன்னீர். சுண்ணாம்பு படிந்து துளைகள் அடைபடும். வடிகட்டியைக் கழுவக் கற்றுக்கொடுக்காமல் வந்தால், அடைபட்டுக் கிடக்கும் அந்தத் தொகுதியையும் அயலவர்கள் பார்ப்பார்கள். முதல் பெறுபேறு அங்கேயே செத்துவிடும்.

மூன்றுக்கும் ஒரே வகையான எதிர்பார்ப்பு இல்லை. முதல் இரண்டும் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்குகள். பத்தில் ஏழு பங்கு கிடைத்தாலே நல்ல காலாண்டு என்று தொடக்கத்திலேயே குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வாக்குறுதி. காசு வாங்கிக்கொண்டு பொருத்திய பொருள் ஓட வேண்டும், அதில் பத்துக்கு ஏழு என்று திருப்திப்பட முடியாது. எது எந்த வகை என்று காகிதத்திலேயே குறித்துவையுங்கள். குறிக்காவிட்டால் வாக்குறுதியையும் எட்டிப் பிடிக்கும் இலக்காக எண்ணித் தளர்ந்துவிடுவார்கள்.

சொற்களுக்கு விளக்கம் எழுதுவதில் நேரம் செலவிடுங்கள். 'பாதித் தொகை கட்டினார்' என்றால் என்ன? எங்களிடம் அதன் பொருள், காசு இரண்டு வேலை நாளுக்குள் அலுவலகத்துக்கு வந்து பற்றுச்சீட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது. பின்தேதியிட்ட காசோலை கணக்கில் வராது. இதை எழுதாமல் விட்டால், தன் சட்டைப்பையிலிருந்து காசு போட்டுக் கணக்கை நேராக்கும் பிரதிநிதியும் வருவார். அவருடைய முற்பணப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் மாதத்தின் கடைசி இரண்டு நாளில் குவிந்திருப்பதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

24ஐ ஆளுக்கு ஆறு என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்து மேட்டு நிலமும், உவர்நீர்ச் சிக்கல் உள்ள பூநகரிப் பக்கமும் ஒன்றல்ல. பெறுபேறு முழுக் குழுவுக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு பெறுபேற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். தனியாகச் செய்து முடிப்பது அவருடைய கடமையல்ல. அந்த எண் எங்கே நிற்கிறது என்று எந்த நாளிலும் சொல்லத் தெரிந்திருப்பதும், அது தேங்கினால் முதலில் குரல் கொடுப்பதும் அவருடைய கடமை.

இனி நீங்கள் தயங்கக்கூடிய இடம். மாத விற்பனைத் தொகையை என்ன செய்வது? அதை எடுத்துவிடாதீர்கள். கடை வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான் வருகின்றன. அது சுவரில் இருக்கட்டும், கமிசனும் அதன்படியே நடக்கட்டும். காலாண்டின் இறுதியில் பெறுபேறுகளுக்குப் போடும் ஓ.கே.ஆர். புள்ளிகளை மட்டும் கமிசனோடு கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த காலாண்டில் 'எத்தனை முடியும்?' என்று கேட்கும்போது, மனதில் 20 இருப்பவர் 12 என்று சொல்வார். சொல்வதில் தவறும் இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. புள்ளிக்குக் காசு கிடைக்கும் இடத்தில் உண்மையான எண் வெளியே வராது.

வாராந்தக் கூட்டத்தைத் திங்கட்கிழமை காலையில், எல்லோரும் வெளியே கிளம்பும் முன் இருபது நிமிடத்தில் நடத்தினோம். ஒவ்வொரு பெறுபேற்றுக்கும் அதன் பொறுப்பாளர் பத்துக்கு ஒரு நம்பிக்கை எண் சொல்ல வேண்டும். காலாண்டின் தொடக்கத்தில் எட்டிப் பிடிக்கும் இலக்குகளுக்கு 5 இருந்தால் சரி, அதாவது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தொடக்கத்திலேயே 9 என்றால் இலக்கு சிறியது. பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விதான்: எண் ஏன் ஏறியது, அல்லது ஏன் இறங்கியது?

ஐந்தாவது வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பெறுபேற்றில் 3 பேர்தான் வாங்கியிருந்தார்கள். பொறுப்பாளர் தம்பி நம்பிக்கை எண்ணை 5இலிருந்து 3 ஆகக் குறைத்தார். மாத இலக்கு மட்டும் இருந்த காலமாக இருந்தால், "இன்னும் வேகமாக ஓடு" என்று சொல்லியிருப்பேன். இப்போது ஏன் என்று கேட்டேன்.

"அண்ணை, ஆட்கள் வராமல் இல்லை. வந்து பார்க்கிறார்கள், தண்ணீர் சொட்டுவதைத் தொட்டும் பார்க்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு விலை சொன்னதும் போய்விடுகிறார்கள்" என்றார்.

மல்லாவிப் பகுதிக்குப் போகும் மற்றவர் உடனே சேர்ந்துகொண்டார். "என்னிடம் கால் ஏக்கருக்குக் கொடுப்பீர்களா என்று நான்கு பேர் கேட்டார்கள். எங்களிடம் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டேன்."

எங்கள் விலைப்பட்டியல் அரை ஏக்கரில்தான் தொடங்கியது. அது வெறும் பழக்கம், தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. அந்த வாரமே கால் ஏக்கர்த் தொகுதிக்கு விலை போட்டோம். பாதி முற்பணம் கட்டுவதும் அதனால் எட்டக்கூடிய தொகையானது. இன்னொன்றையும் அன்றே கண்டுபிடித்தோம். தொகுதி ஓடுவதை ஊராருக்குக் காட்டும் வயல் விழாவை நாங்கள் காலை பத்து மணிக்கு வைத்துக்கொண்டிருந்தோம், ஊரே நெல் அறுவடையில் நின்ற நாட்களில். பின்னேரம் நாலரைக்கு மாற்றியதும் ஆட்கள் இரு மடங்காக வந்தார்கள். ஏழாவது வாரத்தில் நம்பிக்கை எண் 6 ஆனது.

சில வேளைகளில் எண் இறங்குவதற்குக் காரணம் குழுவின் கையில் இருக்காது. இரணைமடுக்குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நெல்லுக்கான ஏக்கரைத் தீர்மானிக்கிறார்கள். அது கூடினாலும் குறைந்தாலும் மேட்டு நிலத் தோட்டத்தில் இறங்குவோரின் தொகை மாறும். ஆகவே நீங்கள் எதை நம்பி எழுதினீர்களோ அதைப் பெறுபேற்றின் கீழே ஒரு வரியில் எழுதிவையுங்கள். அந்த வரி பொய்த்தால் இலக்கைத் திருத்துங்கள். அது பொய்க்காதவரை, கடினமாக இருக்கிறது என்பதற்காக நடுக் காலாண்டில் எண்ணைக் குறைக்காதீர்கள். குறைத்தால் மேலே சொன்ன உரையாடல் நடந்திருக்காது, அரை ஏக்கர் விலைப்பட்டியல் இன்றும் அப்படியே இருந்திருக்கும்.

காலாண்டின் இறுதியில் மொத்தம் 34 தொகுதிகள் விற்றிருந்தன. அயலில் பார்த்து வாங்கியவர்கள் 18 பேர். இங்கே கணக்கிடும் முறையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 18ஐ 24ஆல் வகுத்து 0.75 என்று போடுவோர் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால், எதுவுமே செய்யாமல் பழைய 9இல் நின்றிருந்தாலும் 0.38 கிடைத்திருக்கும். தொடக்க எண்ணைக் கழித்துப் பாருங்கள். போக வேண்டிய தூரம் 15, போனது 9, ஆகவே 0.6. முற்பணம் பாதியாவது கட்டியவர்கள் 34இல் 17 பேர், அதாவது 50 வீதம். 31இலிருந்து 60 வரையான 29இல் 19 கடந்தோம், ஏறத்தாழ 0.66. எட்டிப் பிடிக்கும் இலக்குகள் இரண்டும் 0.7க்குச் சற்றுக் கீழே நின்றன. நான் அதில் மகிழ்ந்தேன். உரிமையாளர் அவ்வளவு மகிழவில்லை, அவர் மனதில் 40 இருந்தது. ஆனால் ஜூலையில் கடன் கொப்பியை விரித்தபோது, முந்தைய ஆண்டைவிட நிலுவைப் பெயர்கள் பாதிக்கும் கீழே இருந்ததைப் பார்த்து அமைதியானார்.

மூன்றாவதில் தோற்றோம். மார்ச் இறுதிக்குள் பொருத்திய 20 தொகுதிகளில் 19 ஓட வேண்டும், ஓடியவை 17. வாக்குறுதி என்பதால் இதற்குப் புள்ளி போட்டுத் தேற்றிக்கொள்ளாமல், நின்றுபோன மூன்று தோட்டங்களுக்கும் நேரில் போனோம். ஒன்றில் இயந்திரத்தின் அழுத்தம் போதவில்லை. மற்ற இரண்டிலும் வடிகட்டி ஒருமுறைகூடக் கழுவப்படவில்லை. ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் அம்மா ஒருவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "உங்கட ஆள் இவருக்குத்தான் எல்லாம் காட்டிவிட்டுப் போனவர். காலையில் தண்ணி திறக்கிறது நான்." இரண்டு தோட்டங்களிலும் அதுவேதான் நடந்திருந்தது. நாங்கள் கணவருக்குக் கற்றுக்கொடுத்துக் கையொப்பம் வாங்கியிருந்தோம், தினமும் வால்வைத் திறந்தவர் மனைவி.

அடுத்த மே–ஜூலைக் காலாண்டின் முதல் பெறுபேறு அந்தத் தோட்டத்தில் நின்றபடியே எழுதப்பட்டது: ஒவ்வொரு தொகுதியிலும் தினமும் தண்ணீர் திறப்பவர் யாரோ அவர், எங்கள் ஆள் பார்த்திருக்க, தன் கையால் ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டியிருக்க வேண்டும், அப்படிச் செய்யப்பட்ட தொகுதிகள் 34இல் 34. இதற்கும் 'வாக்குறுதி' என்று குறித்தோம். பொறுப்பாளராக, அந்தத் தோட்டத்தில் தொகுதியைப் பொருத்திய பிரதிநிதியே முன்வந்து பெயர் கொடுத்தார்.